ஜப்பானிய ஏசி ரிமோட்டைத் தமிழில் படிப்பது எப்படி?

ஜப்பானில் வீட்டு ஏசி கோடைக்கு மட்டுமான கருவி அல்ல. ஆகஸ்டில் அறையைக் குளிர்விக்கும் அதே கருவிதான் ஜனவரியில் அறையைச் சூடாக்குகிறது, மழைக்காலத்தில் ஈரத்தையும் இழுக்கிறது. தமிழ்நாட்டு வீடுகளில் உள்ள பெரும்பாலான ஏசிகளுக்குக் குளிர்விப்பது ஒன்றே வேலை. அதனால் படிப்புக்கோ வேலைக்கோ சுற்றுலாவுக்கோ ஜப்பான் போகும் தமிழர், எந்த மோடு என்று பார்க்காமல் பொத்தானை அழுத்தும் பழக்கத்தோடு போகிறார். அங்கே சுவரில் மாட்டியிருக்கும் ரிமோட்டில் எல்லாம் ஜப்பானிய எழுத்து. தவறான பொத்தானை அழுத்தினால் கடுங்குளிர் இரவில் ஏசி குளிர்காற்றையே வீசும்.

போனில் படம் எடுத்து மொழிபெயர்க்கும் செயலிகள் இதற்குப் பெரும் உதவி. ஆனால் செயலி தருவது சொல்லுக்கான பொருள் மட்டுமே. பொத்தானை அழுத்தினால் கருவி என்ன செய்யும் என்பதை அது சொல்வதில்லை. அந்த இடைவெளியை நிரப்ப ஜப்பானிய மொழி தெரிய வேண்டியதில்லை. ஏறத்தாழ இருபது எழுத்துகளின் வடிவமும், ஏசி இயங்கும் முறையும் தெரிந்தால் போதும்.

ரிமோட்டின் அமைப்பு

ஜப்பானிய ஏசி ரிமோட்டுகள் பெரும்பாலும் இரண்டு வகையில் அடங்கும். முதல் வகையில் ஒவ்வொரு மோடுக்கும் தனிப் பொத்தான் உண்டு. குளிர்விக்க ஒன்று, சூடாக்க ஒன்று, ஈரம் நீக்க ஒன்று. அவற்றில் எதை அழுத்தினாலும் ஏசி அந்த மோடில் நேராக ஓடத் தொடங்கும். நிறுத்துவதற்கு 停止 என்று எழுதிய தனிப் பொத்தான் இருக்கும். இந்த வகையில் ‘ஆன்’ என்ற பொத்தானே கிடையாது. அதைத் தேடிக்கொண்டிருப்பது வீண்.

இரண்டாம் வகை நமக்குப் பழகியது. 運転/停止 என்ற ஒரே பொத்தான் ஏசியை ஓட்டவும் நிறுத்தவும் செய்யும். 運転切換 என்ற இன்னொரு பொத்தானை அழுத்த அழுத்த மோடுகள் ஒவ்வொன்றாகத் திரையில் மாறிவரும். இங்கே 運転 என்பதைச் செயலி ‘வாகனம் ஓட்டுதல்’ என்று மொழிபெயர்க்கக்கூடும். காரை ஓட்டுவதற்கும் இயந்திரத்தை இயக்குவதற்கும் ஜப்பானியத்தில் அதே சொல்தான். ஏசி ரிமோட்டில் அது ‘இயக்கம்’. 運転切換 என்பது ‘மோடு மாற்று’.

இரண்டு வகையிலும் ரிமோட்டின் கீழ்ப்பாதியில் ஒரு மூடி இருப்பது வழக்கம். அன்றாடப் பொத்தான்கள் வெளியே இருக்கும். டைமர், காற்றின் திசை, கடிகாரம், உள்சுத்தம் போன்றவை மூடிக்குள் இருக்கும். மூடியைத் திறக்காமல் படம் எடுத்தவருக்கு ரிமோட்டின் பாதிதான் கிடைத்திருக்கும்.

படம் எடுக்கும் விதம்

மொழிபெயர்ப்புத் தவறுகளில் பல, படத்திலேயே தொடங்குகின்றன. ரிமோட்டை மேசைமேல் கிடத்தி, போனை அதற்கு நேர் மேலே பிடித்து, மூன்று படங்கள் எடுப்பது நல்லது: மூடி மூடியபடி ஒன்று, மூடி திறந்தபடி ஒன்று, திரையை மட்டும் நெருக்கமாக ஒன்று. ஃபிளாஷ் வேண்டாம். அதன் ஒளி பிளாஸ்டிக்கிலும் திரையிலும் பட்டுச் சிறிய எழுத்துகளை அழித்துவிடும்.

திரையைச் சாய்வாகப் படம் எடுப்பதில் ஓர் ஆபத்து உண்டு. ரிமோட்டின் எல்சிடி திரையில் எல்லா மோடுகளின் பெயர்களும் முன்கூட்டியே பொறிக்கப்பட்டிருக்கும். தேர்ந்தெடுத்த பெயர் மட்டும் கறுப்பாகத் தெரியும், மற்றவை மறைந்திருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் மறைந்திருக்கும் பெயர்களும் நிழல்போலத் தெரியும். செயலி அவற்றையும் சேர்த்துப் படித்து, குளிர்விப்பும் சூடாக்கலும் ஒரே நேரத்தில் ஓடுவதாகக் காட்டிவிடும். திரைக்கு நேர் எதிரே பிடித்து எடுத்த படத்தில் இந்தக் குழப்பம் வராது.

கேமராவை ரிமோட்டின் மேல் அசைத்தபடி நேரலையாக மொழிபெயர்ப்பதைவிட, படத்தை எடுத்து நிறுத்தி மொழிபெயர்ப்பதே மேல். நேரலையில் ஒரே பொத்தானின் பெயர் நொடிக்கு நொடி மாறித் தெரியும். நிலையான படத்தில் மூல எழுத்தைத் தொட்டுத் தனியாக எடுத்துப் பார்க்கலாம். செயலி ஒட்டும் தமிழ்ச்சொல் மூல எழுத்தை மறைத்துவிடுவதால், மொழிபெயர்க்காத படத்தையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். எந்தப் பெயர் எந்தப் பொத்தானுக்கு மேலே இருக்கிறது என்பது மூலப் படத்தில்தான் தெளிவாகத் தெரியும்.

செயலி எங்கே வழுக்குகிறது

பொத்தானில் வாக்கியம் இல்லை. ஒன்றிரண்டு எழுத்துகள்தாம். முன்னும் பின்னும் சொற்கள் இருந்தால்தான் ஒரு சொல்லின் பல பொருள்களில் எது பொருந்தும் என்று செயலியால் ஊகிக்க முடியும். தனியாக நிற்கும் 切 என்ற எழுத்துக்கு அகராதியில் முதல் பொருள் ‘வெட்டு’. மின்கருவியில் அது ‘ஆஃப்’. 入 என்ற எழுத்துக்கு ‘நுழை’ என்று பொருள். மின்கருவியில் அது ‘ஆன்’. இந்த இரண்டு எழுத்துகளையும் நினைவில் வைத்தவருக்குப் பாதித் தொல்லை தீர்ந்தது.

இரண்டாவது காரணம், நடுவில் நிற்கும் ஆங்கிலம். ஜப்பானியத்தையும் தமிழையும் நேரடியாக இணைக்கும் உரைகள் குறைவு. ஆங்கிலச் சாயல் கலந்த மொழிபெயர்ப்பு வந்தால் விநோதமான சொற்கள் கிடைக்கும். காற்றாடியைக் குறிக்கும் ஃபேன் ‘ரசிகர்’ ஆகலாம். காற்றுத் தடுப்பு ஆடுவதைக் குறிக்கும் ஸ்விங் ‘ஊஞ்சல்’ ஆகலாம். கூல் என்பது ‘அருமை’ ஆகலாம். தமிழில் வந்த சொல் ஏசிக்குப் பொருந்தவில்லை என்றால், அதே படத்தை ஆங்கிலத்திலும் ஒருமுறை மொழிபெயர்த்துப் பார்ப்பது பயன் தரும். சொல் எங்கே தடம் புரண்டது என்பது பெரும்பாலும் அதில் தெரிந்துவிடும்.

மூன்றாவது, எழுத்துகளைக் கூட்டிப் படிப்பதும் பிரித்துப் படிப்பதும். ஜப்பானியத்தில் சொற்களுக்கு நடுவே இடைவெளி விடுவதில்லை. பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு பொத்தான்களின் பெயர்களைச் செயலி ஒரே தொடராகப் படித்துவிடலாம். இடம் போதாமல் ஒரே பெயரை இரண்டு வரியாக அச்சிட்டிருந்தால் அதை இரண்டு பொத்தான்களாகவும் எண்ணிவிடலாம். சந்தேகம் வந்தால் ஒரு பொத்தான் மட்டும் தெரியும்படி படத்தை வெட்டி மறுபடி கொடுக்க வேண்டும்.

நான்கு மோடுகள்

மோடுகளின் பெயர்களை எழுத்தின் இடப்பக்க உறுப்பை வைத்தே அடையாளம் காணலாம். படம் மங்கலாக இருந்தாலும், செயலி கைவிட்டாலும் இது உதவும்.

குளிர்விக்கும் மோடு 冷房. ‘ரேபோ’ என்று உச்சரிக்க வேண்டும். முதல் எழுத்தின் இடப்பக்கத்தில் இரண்டு துளிகள் உள்ளன. அந்த உறுப்பு பனிக்கட்டியைக் குறிக்கும். சூடாக்கும் மோடு 暖房, அதாவது ‘டன்போ’. இதன் முதல் எழுத்தின் இடப்பக்கத்தில் நடுவே கோடு போட்ட பெட்டி இருக்கும். அது சூரியனைக் குறிக்கும் உறுப்பு. இரண்டு பெயர்களிலும் இரண்டாம் எழுத்து ஒன்றே. அது அறையைக் குறிக்கிறது. எனவே இரண்டாம் எழுத்தைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. முதல் எழுத்தில் இருப்பது துளியா சூரியனா என்பதுதான் கேள்வி. பல ரிமோட்டுகளில் குளிர்விக்கும் பொத்தான் நீல நிறத்திலும், சூடாக்கும் பொத்தான் சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறத்திலும் இருப்பது கூடுதல் அடையாளம்.

மூன்றாவது 除湿, ‘ஜோஷித்ஸு’. இரண்டாம் எழுத்தின் இடப்பக்கத்தில் மூன்று துளிகள். அது நீரைக் குறிக்கும். பெயரின் பொருள் ‘ஈரத்தை நீக்கு’. சில ரிமோட்டுகளில் இதையே ドライ என்று எழுதியிருப்பார்கள். இது ‘டிரை’ என்ற ஆங்கிலச் சொல்லின் ஜப்பானிய வடிவம். இந்த மோடைப் பற்றிய தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. செயலி ‘உலர்’ என்று மொழிபெயர்த்ததைப் பார்த்து, குளிர்காலத்தில் அறையையோ துணியையோ உலர்த்த இதை அழுத்துபவர்கள் உண்டு. பெரும்பாலான ஏசிகளில் ஈரம் நீக்குவது என்பது மெல்லக் குளிர்விப்பதுதான். காற்றைக் குளிர்ந்த குழாய்மேல் செலுத்தி அதிலுள்ள நீராவியைத் தண்ணீராக்கி வெளியேற்றுகிறது. அதனால் அறையின் வெப்பமும் இறங்கும். குளிர்ந்த காற்றை மறுபடி சூடாக்கி அனுப்பும் 再熱除湿 என்ற வகையும் உண்டு. ஆனால் அது எல்லா ஏசிகளிலும் இருப்பதில்லை. ஜூன், ஜூலை மாதங்களில் ஜப்பானின் பல பகுதிகளில் பெய்யும் பருவமழையின்போது இந்த மோடு அருமையாகப் பயன்படும். ஜனவரியில் நடுங்க வைக்கும். சில மாடல்களில் இந்த மோடில் வெப்ப அளவை மாற்ற முடியாது. அம்புப் பொத்தான் வேலை செய்யவில்லை என்றால் ரிமோட் பழுது என்று முடிவுகட்டும் முன் மோடைப் பார்க்க வேண்டும்.

நான்காவது 自動, ‘ஜிடோ’. தானியங்கி. அறை வெப்பத்தைப் பார்த்துக் குளிர்விப்பதா சூடாக்குவதா என்பதை ஏசியே முடிவு செய்யும். ஆனால் இதே சொல் காற்றின் வேகத்துக்கும் திசைக்கும் பக்கத்திலும் தோன்றும். அங்கே அது வேகத்தையோ திசையையோ ஏசியே பார்த்துக்கொள்ளும் என்று சொல்கிறது. திரையில் 自動 தெரிந்தால், அது எதற்குப் பக்கத்தில் நிற்கிறது என்று பார்த்த பிறகே பொருள் கொள்ள வேண்டும்.

இவற்றோடு 送風 என்ற மோடும் சில கருவிகளில் இருக்கும். குளிர்விக்காமலும் சூடாக்காமலும் காற்றை மட்டும் வீசும்.

காற்றும் வெப்ப அளவும்

風 என்ற எழுத்து காற்று. அதில் தொடங்கும் இரண்டு பொத்தான்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். 風量 காற்றின் அளவு, அதாவது ஃபேன் வேகம். 風向 காற்றின் திசை. செயலி இரண்டையும் ‘காற்று’ என்று சுருக்கிவிட்டால் இரண்டாம் எழுத்தைப் பார்க்க வேண்டும். திசைப் பொத்தான் 上下, 左右 என்று பிரிந்திருக்கலாம். முன்னது மேல்–கீழ், பின்னது இடம்–வலம். வேகத்தைக் குறிக்கும் எழுத்துகளில் 強 அதிகம், 中 நடுத்தரம், 弱 குறைவு.

திசைக்கும் மோடுக்கும் தொடர்பு இருக்கிறது. சூடான காற்று மேலே எழும், குளிர்ந்த காற்று கீழே இறங்கும். எனவே சூடாக்கும்போது காற்றைத் தரையை நோக்கியும், குளிர்விக்கும்போது கிடைமட்டமாகவும் விடுவதே சரி. சூடாக்கும் மோடில் காற்று கூரையை நோக்கி வீசினால், ஏசி ஓடிக்கொண்டிருந்தாலும் கால் குளிர்ந்துகொண்டே இருக்கும்.

வெப்ப அளவைக் குறிப்பது 温度. பக்கத்தில் மேல்நோக்கும் அம்பும் கீழ்நோக்கும் அம்பும் இருக்கும். இதில் மொழிபெயர்ப்புச் சிக்கல் இல்லை. அளவு செல்சியஸில்தான் இருக்கும். எந்த அளவு வைப்பது என்பதற்கு ஜப்பானிய அரசின் பரிந்துரை ஒரு வழிகாட்டி. சுற்றுச்சூழல் அமைச்சகம் 2005-ல் தொடங்கிய ‘கூல் பிஸ்’ இயக்கம் கோடையில் அறை வெப்பம் 28 டிகிரி அளவில் இருந்தால் போதும் என்கிறது. குளிர்காலத்துக்கான ‘வார்ம் பிஸ்’ 20 டிகிரி என்கிறது. இவை அறையில் நிலவ வேண்டிய வெப்பம். ரிமோட்டில் வைக்கும் எண்ணும் அறையின் வெப்பமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

டைமர்: அதிகம் தவறும் இடம்

切タイマー, 入タイマー என்ற இரண்டு பொத்தான்களில்தான் மொழிபெயர்ப்பு அதிகமாக ஏமாற்றுகிறது. タイマー என்பது டைமர். முன்னால் நிற்கும் எழுத்துதான் வேலையைச் சொல்கிறது. 切 இருந்தால் குறித்த நேரத்தில் ஏசி நிற்கும். 入 இருந்தால் குறித்த நேரத்தில் ஓடத் தொடங்கும்.

செயலி முதலாவதை ‘டைமரை வெட்டு’ என்றோ ‘டைமரைத் துண்டி’ என்றோ தரக்கூடும். படிப்பவர் அதை ‘டைமரை ரத்து செய்’ என்று புரிந்துகொள்வது இயல்பு. டைமரே வேண்டாம் என்று நினைத்து அதை அழுத்தினால், நேர்மாறாக ஒரு டைமர் அமைந்துவிடும். நடு இரவில் ஏசி நின்றுபோய், அறை உறையத் தொடங்கிய பிறகுதான் தவறு தெரியும். ரத்து செய்வதற்கான பொத்தான் 取消. டைமரை உறுதி செய்யும் பொத்தான் இருந்தால் அதில் 予約 என்று எழுதியிருக்கும். அதைச் செயலி ‘முன்பதிவு’ என்று மொழிபெயர்க்கும். ஓட்டல் அறைக்கு முன்பதிவு செய்வதும் ஏசிக்கு நேரம் குறிப்பதும் ஜப்பானியத்தில் ஒரே சொல்.

மறுபுறத் தவறும் நடக்கிறது. மூன்று மணி நேரத்தில் நிற்க வேண்டும் என்று நினைத்து 入タイマー பொத்தானை அழுத்தினால், பல மாடல்களில் ஓடிக்கொண்டிருக்கும் ஏசி உடனே நின்று, குறித்த நேரத்துக்காகக் காத்திருக்கத் தொடங்கும். அழுத்தியவுடன் ஏசி நின்றுவிட்டால் அதைப் பழுதென்று கொள்ளாமல், திரையில் 入 என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நேரத்தைக் காட்டும் முறையிலும் கவனம் தேவை. 6時 என்றால் ஆறு மணி. 6時間 என்றால் ஆறு மணி நேரம். ஓர் எழுத்துதான் வேறுபாடு. 間 இருந்தால் கால அளவு, இல்லாவிட்டால் கடிகார நேரம். 時間後 என்றிருந்தால் இத்தனை மணி நேரத்துக்குப் பிறகு என்று பொருள். 午前 முற்பகல், 午後 பிற்பகல். ‘பின்’ என்று பொருள்படும் 後 பிற்பகலைக் காட்டும் என்று நினைவில் வைத்தால் காலை ஆறு மணிக்குப் பதில் மாலை ஆறு மணிக்கு டைமர் வைக்கும் தவறு நேராது.

ஓர் எடுத்துக்காட்டு

ஒசாகாவில் ஜனவரி இரவு. வாடகை அறைக்குப் புதிதாக வந்த ஒருவருக்குத் தேவை இதுதான்: அறை 22 டிகிரியில் சூடாக வேண்டும், மூன்று மணி நேரத்தில் ஏசி நிற்க வேண்டும், காலை ஆறு மணிக்கு மறுபடி ஓட வேண்டும்.

மூடி மூடிய படத்தில் 停止, 冷房, 暖房, 除湿, 温度 ஆகியவை தெரிகின்றன. மோடுகளுக்குத் தனித்தனிப் பொத்தான் இருப்பதால் இது முதல் வகை ரிமோட். சூரிய உறுப்பு உள்ள 暖房 பொத்தானை அழுத்த வேண்டும். ஏசியிலிருந்து ஒரு ‘பீப்’ ஒலி வரும், அதன் முகப்பில் விளக்கு எரியும். பிறகு 温度 அம்பால் எண்ணை 22-க்குக் கொண்டுவர வேண்டும்.

மூடி திறந்த படத்தில் 風量, 風向, 切タイマー, 入タイマー, 取消, 時刻合わせ, 内部クリーン ஆகியவை உள்ளன. டைமரைத் தொடும் முன் 時刻合わせ கவனத்துக்கு வர வேண்டும். அது கடிகாரத்தைச் சரிசெய்யும் பொத்தான். பேட்டரி மாற்றிய ரிமோட்டில் கடிகாரம் தவறான நேரம் காட்டும். காலை ஆறு மணி டைமர் அந்தத் தவறான கடிகாரத்தைத்தான் பின்பற்றும். கடிகாரம் சரியென்றால் 切タイマー பொத்தானை அழுத்தி 3時間 வரை கொண்டுபோக வேண்டும். அடுத்து 入タイマー பொத்தானை அழுத்தி 午前 6時 என்று வைக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து வைக்க மாடல் அனுமதித்தால் திரையில் 切, 入 இரண்டும் தெரியும். ஒன்று மட்டும் தெரிந்தால் அந்த மாடலில் ஒரு டைமர்தான் சாத்தியம்.

மறுநாள் காலையில் 停止 அழுத்திய பிறகும் ஏசியிலிருந்து மெல்லிய காற்று வந்துகொண்டிருக்கலாம். பொத்தானைத் தவறாக மொழிபெயர்த்துவிட்டதாக எண்ண வேண்டாம். 内部クリーン என்ற உள்சுத்த வசதி இயங்கினால், நிறுத்திய பிறகும் ஏசி தன் உட்புற ஈரத்தை உலர்த்திப் பூஞ்சையைத் தடுக்கும். இது பெரும்பாலும் குளிர்வித்த பிறகோ ஈரம் நீக்கிய பிறகோ நடக்கும். முடிந்ததும் தானாகவே நின்றுவிடும்.

சரியாக அழுத்தினோமா என்று அறிவது

ரிமோட் அகச்சிவப்பு ஒளியால் செய்தி அனுப்புகிறது. பெரும்பாலான வீட்டு ஏசிகள் பதில் அனுப்புவதில்லை. எனவே ரிமோட்டின் திரை காட்டுவது ரிமோட் அனுப்பிய கட்டளையைத்தான், ஏசியின் உண்மை நிலையை அல்ல. சிக்னல் போய்ச் சேராவிட்டாலும் திரையில் ‘சூடாக்கல்’ என்றே இருக்கும். ‘பீப்’ ஒலியும் ஏசியின் விளக்கும்தான் சேர்ந்ததற்குச் சாட்சி. சிக்னல் போகிறதா என்பதில் ஐயம் இருந்தால், ரிமோட்டின் முனையைப் போனின் செல்ஃபி கேமராவுக்குக் காட்டிப் பொத்தானை அழுத்தலாம். பல போன்களில் அங்கே ஒரு வெளிறிய ஒளி மினுக்கும்.

மோடு சரியா என்பதைக் காற்றைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம், ஆனால் உடனே அல்ல. சூடாக்கும் மோடில் குளிர்காற்று வீசாமல் இருக்க, உள்ளே குழாய் சூடாகும்வரை சில நிமிடங்கள் ஏசி காற்றே விடாது. கடுங்குளிரில் வெளியே உள்ள பெட்டியில் உறைபனி படிந்தால், அதை உருக்குவதற்காகச் சூடாக்கலை நடுவில் நிறுத்தும். இதற்குப் பத்து நிமிடம் அளவுக்கு ஆகலாம். இது 霜取り எனப்படும். நிறுத்திய ஏசியை உடனே மறுபடி ஓட்டினாலும் கம்ப்ரசரைக் காப்பதற்காக ஏறத்தாழ மூன்று நிமிடம் தாமதம் இருக்கும். இந்தத் தாமதங்களைத் தெரியாதவர்கள் சரியான பொத்தானை அழுத்திவிட்டு, ‘இது இல்லை போலிருக்கிறது’ என்று அடுத்தடுத்த பொத்தான்களை அழுத்திக் குழப்பிக்கொள்கிறார்கள். மோடை அழுத்திய பிறகு பத்து நிமிடம் பொறுத்துப் பார்ப்பதே முறை.

அப்படியும் தெளிவு வராவிட்டால் ரிமோட்டின் பின்புறத்திலோ மூடிக்குள்ளோ அச்சிட்டிருக்கும் மாடல் எண்ணைத் தேட வேண்டும். அந்த எண்ணுடன் 取扱説明書 என்ற சொல்லைச் சேர்த்து இணையத்தில் தேடினால் தயாரிப்பாளரின் கையேடு பெரும்பாலும் கிடைக்கும். கையேட்டில் முழு வாக்கியங்கள் இருப்பதால், பொத்தானின் ஒற்றைச் சொல்லில் தடுமாறும் அதே செயலி அங்கே நன்றாகவே மொழிபெயர்க்கும்.

டிவி ரிமோட்டில் ஒரு வேறுபாடு

ஏசியில் கற்ற எழுத்துகளை டிவி ரிமோட்டுக்கு அப்படியே கொண்டுபோகக் கூடாது. டிவியில் மிகவும் தேவைப்படும் பொத்தான்களில் ஒன்று 入力切換. இதில் 入, 切 இரண்டும் இருந்தாலும் ஆனும் இல்லை, ஆஃபும் இல்லை. 入力 என்பது உள்ளீடு, 切換 என்பது மாற்றுதல். டிவியோடு இணைத்த மற்றொரு கருவிக்கு மாறுவதற்கான பொத்தான் இது. 切 தனியாகவோ டைமருக்கு முன்னாலோ நின்றால் ‘ஆஃப்’, 切換 என்று சேர்ந்து வந்தால் ‘மாற்று’. டிவியை ஓட்டவும் நிறுத்தவும் உள்ள பொத்தான் 電源. 音量 ஒலியளவு. 音声切換 பேச்சு மொழியை மாற்றும். 字幕 வசன வரிகளைக் காட்டும்.

டிவியில் தவறினால் இழப்பு ஏற்படும் இடங்கள் இரண்டு. 消音 ஒலியை அடக்கும், ஆனால் 消去 பதிவு செய்து வைத்த நிகழ்ச்சியை அழித்துவிடும். முதல் எழுத்து ஒன்றே என்பதால் இரண்டாம் எழுத்தைப் பார்க்காமல் அழுத்தக் கூடாது. மெனுவில் வரும் 初期化 எல்லா அமைப்புகளையும் அழித்துத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோகும். அப்படி ஒரு கேள்வி திரையில் வந்தால் はい என்பது ஆம், いいえ என்பது இல்லை. பின்னாலே போக 戻る, முழுவதும் வெளியேற 終了.

ஜப்பானுக்குப் போகிறவர் முதல் நாளே ரிமோட்டின் மூலப் படத்தில் 停止, 冷房, 暖房, 切, 入, 取消 ஆகிய ஆறுக்கும் பக்கத்தில் தமிழில் பெயர் எழுதி, வீட்டில் உள்ள எல்லோருடைய போனிலும் வைத்துவிடுவது நல்லது. குறிப்பாகத் துணைக்கு வந்து பகலில் தனியாக இருக்கும் பெற்றோருக்கு அந்தப் படத்தை அனுப்பி, ஒவ்வொரு பொத்தானையும் அவர்கள் கையாலேயே ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொல்ல வேண்டும்.